இந்தக் கடிதம் முந்தைய கடிதத்துக்குப் பதிலாக

மலேசியாவில், ஜொகூர் மாநிலத்து யோங் பெங்கில் பதினோரு வருஷம் கடிதம் எழுதியே பிழைத்தவள் வாசுகி. காதல் கடிதம் என்று நினைத்துவிடாதீர்கள், எல்லாம் நாற்காலிக் கடிதம். கால் ஆடுகிறது என்று ஈப்போ கடைக்காரர் புகார் எழுதினால் அவருக்குப் பதில், மேசை ஏறிய கப்பல் ஒரு வாரம் தாமதம் என்றால் துபாய்க்காரருக்கு விளக்கம். எல்லாம் ஆங்கிலத்தில், சில நேரம் மலாயில். அந்த மரச்சாமான் ஃபேக்டரி ஆபீசில் அவள் எழுதுவதற்கு இரும்புக் கடிதம் என்று பெயர் வைத்திருந்தார்கள். 'மேற்கண்ட விஷயம் தொடர்பாக' என்று தொடங்கும், 'தங்கள் மேலான கவனத்துக்கு' என்று முடியும், நடுவில் மூச்சு விட இடம் இருக்காது. அவள் கடிதத்தைப் படித்தால் முதலாளியே நிமிர்ந்து உட்காருவார் என்பார்கள்.

அந்த ஃபேக்டரி போன மாசம் வியட்நாமுக்குப் போய்விட்டது. முதலாளி போனார், மெஷின் போனது, வாசுகி வீட்டுக்கு வந்தாள்.

சும்மா இருக்க முடியுமா? கணவன் ஜீவன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை, சனிக்கிழமை வந்தால் ஞாயிற்றுக்கிழமை போய்விடுவான். அவனுக்குத் தெரிந்த ஏஜெண்டு ஒருவர் வாசுகிக்கும் அங்கேயே ஒரு கிடங்கில் குமாஸ்தா வேலை பிடித்துக் கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சரி என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். சரி என்று சொன்னால் ஜொகூர் பாருவில் ஓர் அறை எடுத்து, விடியும் முன்னே எழுந்து, சிங்கப்பூர்ப் பாலத்து நெரிசலில் நின்று போய்வர வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. எட்டு வயது மலரை என்ன செய்வது?

மலரைப் பாலோவில் நாத்தனார் செல்லம் வீட்டில் விடுவதாகப் பேச்சு. பள்ளிக்கூடம் மாற வேண்டும். செல்லத்துக்கு ஏற்கெனவே மூன்று பிள்ளைகள். அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வாயார வா என்றும் சொல்லவில்லை. மலரிடம் விஷயத்தைச் சொன்னபோது பிள்ளை "சரிம்மா" என்றது. அழுது புரண்டிருந்தால்கூட வாசுகிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். 

ஆக, வெள்ளிக்கிழமைக்குள் இந்தப் பக்கத்திலேயே ஒரு வேலை. அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. தேடிப் பிடித்ததில் மூன்று காலியிடம் அகப்பட்டது. ஒன்று, குளுவாங்கில் ஒரு வங்கிக் கிளை, வாடிக்கையாளர் சேவைப் பிரிவு. இரண்டு, ஜொகூர் பாருவில் ஒரு விளம்பர ஏஜென்சி, வாரத்துக்கு ஒரு நாள் ஆபீஸ் போனால் போதும். மூன்று, ஸ்கூடாயில் ஆறே பேர் சேர்ந்து தொடங்கிய புதுக் கம்பெனி. சிறு தோட்டக்காரர்களின் செம்பனைக் குலையை, பாமாயில் எடுக்கிற பழக்குலையை, ஆலைக்கு ஏற்ற லோரி ஏற்பாடு செய்து கொடுக்கிற ஒரு செயலி அவர்களுடையது. யோங் பெங் பக்கம் ஓர் ஆள் தேவை என்று போட்டிருந்தார்கள்.

நம்ம வாசுகி என்ன செய்தாள் தெரியுமா? ஒரே இரும்புக் கடிதம். மேலே விலாசத்தை மட்டும் மாற்றி மூன்று பேருக்கும் தட்டிவிட்டாள். மரியாதையாக எழுதினால் யார் கோபிக்கப் போகிறார்கள் என்பது அவள் கணக்கு. பள்ளிக்கூடத்தில் அதிகாரபூர்வக் கடிதம் என்று மனப்பாடம் செய்து வளர்ந்த நம்மில் பாதிப் பேருக்கும் அதே கணக்குதான்.

திங்கட்கிழமை காலை மின்னஞ்சலைத் திறந்தாள். வங்கியிலிருந்து, 'உங்கள் விண்ணப்பம் கிடைத்தது' என்று மெஷின் அனுப்பிய ஒரு வரி. ஏஜென்சியிடமிருந்து ஒன்றும் இல்லை. புதுக் கம்பெனியின் ரூபேந்திரன் என்பவன் மட்டும் எழுதியிருந்தான். 'வணக்கம் வாசுகி. உங்கள் கடிதத்தை நாங்கள் ஆறு பேரும் படித்தோம். மேற்கண்ட விஷயம் என்று நான்கு இடத்தில் வருகிறது. எது அந்த விஷயம் என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை. வேலைக்கு வந்தால் முதல் வாரம் என்ன செய்வீர்கள்?'

வாசுகிக்கு முகம் சுட்டது. பதினோரு வருஷத்தில் அவள் கடிதத்தைப் பார்த்து ஒருத்தரும் சிரித்ததில்லை. இந்தப் பொடியன்கள் கூட்டமாகச் சிரித்திருக்கிறார்கள். கோபம் ஒரு நிமிஷம்தான் நின்றது. அதற்கப்புறம் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தாள், லோஷினி. அதே ஃபேக்டரியில் வாசுகிக்குக் கீழே வேலை பார்த்தவள். அந்தக் காலத்தில் லோஷினி எழுதுகிற கடிதத்தில் எல்லாம் சிவப்பு மையால் கோலம் போட்டவள் இந்த வாசுகிதான். 'ரொம்ப வளவளன்னு இருக்கு, வாடிக்கையாளருக்கு எழுதுறியா, வாட்சாப்பா' என்று கேட்டு ஒரு தடவை அழவும் வைத்திருக்கிறாள். லோஷினி இரண்டு வருஷம் முன்பு வேலையை விட்டு, இப்போது ஜொகூர் பாருவில் கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் ஆபீசில் இருக்கிறாள். நாளைக்கு அறுபது விண்ணப்பம் படிக்கிறாளாம். அவளிடம் போய்க் கேட்பதா என்று வாசுகி வீட்டுக்குள்ளேயே நாலு நடை நடந்தாள். ஆபத்துக்குப் பாவமில்லை என்று கடைசியில் கூப்பிட்டாள்.

லோஷினி பழசை ஒன்றும் கிளறவில்லை, அதற்கே ஒரு நன்றி சொல்ல வேண்டும். கடிதத்தை அனுப்பச் சொன்னாள், படித்தாள், சிரித்தாள். பிறகு கேட்டாள்.

"அக்கா, கல்யாண வீட்டுக்கும் சாவு வீட்டுக்கும் ஒரே சேலைய கட்டிக்கிட்டுப் போவீங்களா? சேலை நல்ல சேலைதான். போற வீடு எதுன்னு பாக்க வேணாமா?"

அப்புறம் பொறுமையாகச் சொன்னாள். வங்கிக்காரர் கடிதத்தை ஓட்டை தேடுகிற கண்ணோடு படிப்பார். எத்தனை வருஷம், எந்தப் பொறுப்பு, எத்தனை பேருக்குப் பதில் சொன்னீர்கள், தேதி, எண்ணிக்கை, அளந்து வைத்த வார்த்தை. அங்கே அலங்காரமும் வேண்டாம், வேடிக்கையும் வேண்டாம். இந்த இரும்புக் கடிதம் அதற்குப் பொருத்தம், அதை அப்படியே விடுங்கள் என்றாள். ஏஜென்சிக்காரர்கள் வார்த்தையை விற்றுச் சாப்பிடுகிறவர்கள். அவர்களுக்குக் குரலே இல்லாத கடிதம் போனால் யார் இந்த ஆள் என்றே தெரியாது. அவர்கள் செய்த வேலையில் நீங்கள் நிஜமாகவே கவனித்தது ஏதாவது ஒன்றில் தொடங்குங்கள், உங்கள் கதை ஒன்று சொல்லுங்கள், ஆனால் கோமாளிக் கூத்து வேண்டாம். புதுக் கம்பெனிக்காரர்களுக்கு நேரமே கிடையாது. நீங்கள் எந்த நாற்காலியில் உட்கார்ந்தீர்கள் என்று அவர்கள் கேட்கமாட்டார்கள், திங்கட்கிழமை வந்தால் என்ன செய்வீர்கள் என்றுதான் கேட்பார்கள். பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, நேரே விஷயத்துக்குப் போய், சுருக்கமாக முடியுங்கள். வயசைக் குறைத்துக் காட்டுகிற வேலை மட்டும் ஆகாது, உடனே தெரிந்துவிடும்.

"விஷயம் மூணுலயும் ஒண்ணுதான் அக்கா. அதுல பொய் வரக் கூடாது. பேசுற குரல்தான் மாறணும்," என்று முடித்தாள். பிறகு மறுபடியும் நினைவூட்டினாள். "பேங்க் லெட்டர தொடாதீங்க, சொல்லிட்டேன்."

செவ்வாய்க்கிழமை மலரைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து வாசுகி உட்கார்ந்தாள். முதலில் ஏஜென்சி. ஆயர் ஈத்தாம் சாலைச் சிக்னல் விளக்குக்குப் பக்கத்தில் பெரிய பலகை ஒன்று உண்டு, பிஸ்கட் விளம்பரம். கோப்பிக்குள் பிஸ்கட்டை முக்குகிற ஒரு கை மட்டும் தெரியும், முகம் இருக்காது. அது இவர்கள் செய்ததுதான் என்று அவர்கள் இணையப் பக்கத்தில் பார்த்திருந்தாள். 'இரண்டு வருஷமாக அந்தச் சிவப்பு விளக்கில் உங்கள் விளம்பரம் எனக்குப் பசி கிளப்புகிறது' என்று எழுதினாள். 'அந்தக் கை யாருடையது என்று என் மகள் ஒவ்வொரு தடவையும் ஒரு புதுக் கதை சொல்வாள்' என்று எழுதினாள். அப்புறம் ஒரு நாற்காலிக் கதை. மாமியார் உட்கார்ந்தால் மட்டும் கிரீச்சிடுகிறது என்று புகார் எழுதிய ஒரு மருமகனுக்கு, 'பாரம் ஏறும்போது ஒலி' என்று ஆபீஸ் மொழியில் பதில் எழுத வேண்டியிருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதிய அந்தப் பதிலுக்கு மருமகனும் கோபிக்கவில்லை, மாமியாரும் கோபிக்கவில்லை என்று முடித்தாள். எழுதியதைத் தானே படித்துத் தானே சிரித்தாள். இத்தனை வருஷம் இந்தக் குரலை எங்கே பூட்டி வைத்திருந்தோம் என்று ஆச்சரியமாக இருந்தது. அனுப்பிவிட்டாள்.

அதோடு எழுந்து சோறு வைத்திருக்கலாம். விதி விடவில்லை. அந்தச் சூட்டோடு வங்கிக்கு அனுப்பிய பழைய கடிதத்தைத் திறந்து பார்த்தாள். ஐயோ, பிணம் மாதிரிக் கிடந்தது. ஆறு பேர் சிரித்த கடிதம் இதே கடிதம்தானே? லோஷினி சும்மா மனசு நோகக் கூடாது என்று நல்லது சொல்லியிருப்பாள் என்று தோன்றியது. வங்கியில் இருப்பதும் மனுஷர்கள்தானே, அவர்களும் சிரித்தால்? 

ஃபேக்டரியில் ஒரு பழக்கம் உண்டு. அனுப்பிய கடிதத்தில் பிழை கண்டால் உடனே திருத்திய கடிதம் போக வேண்டும். தலைப்பில் ஒரு வரி: 'இந்தக் கடிதம் முந்தைய கடிதத்துக்குப் பதிலாக.' அந்த வரியைப் போட்டுவிட்டால் பழைய கடிதம் செத்தது என்று அர்த்தம். ஏற்றுமதிக் காகிதத்துக்கு அது சரியான வழி. பிழைப்புக்காக எழுதுகிற கடிதத்துக்கும் அது சரிதானா என்று அவள் யோசிக்கவில்லை. பதினோரு வருஷப் பழக்கம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிற்று.

வங்கிக்குப் புதுசாக எழுதினாள். வாசனையும் சிரிப்புமாக எழுதினாள். எழுதிக்கொண்டே போனவள், 'வாடிக்கையாளர் முகம் வாடினால் எனக்குத் தாங்காது, தேவைப்பட்டால் விதியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டுக்கூட அவரைக் கவனித்திருக்கிறேன்' என்றும் எழுதினாள். கேட்டீர்களா, வங்கிக்கு! திருடனிடம் சாவியைக் கொடுப்பேன் என்று காவல்காரன் எழுதிக் கொடுத்த மாதிரி. மேலே அந்தப் 'பதிலாக' வரியைப் போட்டு அனுப்பியும் விட்டாள்.

ரூபேந்திரனுக்குத்தான் எழுத வரவில்லை. ஏழு தடவை தொடங்கினாள். மரியாதையாக எழுதினால் சிரிப்பார்கள், சிரிப்பாக எழுதினால் கிழவி ஜீன்ஸ் போட்ட மாதிரி இருக்கும். நாளைக்குப் பார்ப்போம், நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளினாள்.

புதன்கிழமை இரண்டு செய்தி வந்தது. ஏஜென்சியிலிருந்து ஐலீன் என்ற பெண் எழுதியிருந்தாள். கடிதத்தை ஆபீஸ் முழுக்கப் படித்துக் காட்டினாளாம், மாமியார் கதைக்கு எல்லோரும் கைதட்டினார்களாம். ஆனால் அந்த இடத்துக்குப் போன வெள்ளிக்கிழமையே ஆள் எடுத்தாயிற்று. 'இதுவே முதலில் வந்திருந்தால்' என்று ஒரு வரி. முதலில் போனது இரும்பு அல்லவா, என்ன செய்வது? வாசுகி அந்த வரியை மட்டும் நாலைந்து தடவை படித்தாள்.

இரண்டாவது, குளுவாங் வங்கியிலிருந்து தொலைபேசி. நாளை காலை பத்து மணிக்கு நேர்முகம். வாசுகிக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்தாயா லோஷினி, புதுக் கடிதம் போய்ச் சேர்ந்ததும் கூப்பிட்டுவிட்டார்கள் என்று மனசுக்குள் பேசிக்கொண்டாள். அன்றைக்குச் சாயங்காலம் மலருக்கு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தாள், காரணம் சொல்லவில்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்குக் கிளை மேலாளர் புஷ்பவள்ளி வாசுகிக்கு எதிரே உட்கார்ந்தாள். ஐம்பது வயசு இருக்கும், நிதானமான முகம். தமிழ் முகத்தைப் பார்த்ததும் வாசுகிக்குப் பாதிப் பயம் போயிற்று. மேசையைப் பார்த்ததும் மீதிப் பயம் இரட்டிப்பாகத் திரும்பி வந்தது. மேசையில் இரண்டு தாள், பக்கத்தில் பக்கத்தில்.

முதல் கடிதத்தைத் திங்கட்கிழமை மத்தியானம் படித்ததாகப் புஷ்பவள்ளி சொன்னாள். நாற்பத்திரண்டு விண்ணப்பத்தில் பிழையே இல்லாத கடிதம் அது ஒன்றுதான், அதைப் பார்த்துத்தான் அன்றைக்கே கூப்பிட வேண்டியவர்கள் பட்டியலில் பெயரைச் சேர்த்தாளாம். இரண்டாவது கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது.

"இதுல எது நீங்க?" என்று கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதனால்தான் இன்னும் வலித்தது.

 இரண்டும் நான்தான் என்று வாசுகி சொல்ல நினைத்தாள், அது பசப்பு மாதிரி இருக்கும். கடைசியில் உள்ளதைச் சொன்னாள்.

"மொதல்ல எழுதுனது உங்களுக்கு எழுதுனது, மேடம். ரெண்டாவது பயந்துபோய் எழுதுனது."

புஷ்பவள்ளி தலையசைத்தாள். விதியை நகர்த்தினேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அது என்ன என்று கேட்டாள். வாசுகி சொன்னாள். ஒரு கல்யாண வீட்டுக்குப் போன நாற்காலிகள் உடைந்திருந்தன, கல்யாணத்துக்கு இரண்டு நாள்தான் பாக்கி. புகார்ப் படிவம் கையெழுத்தாகி வந்த பிறகுதான் மாற்றுச் சரக்கு போக வேண்டும் என்பது விதி. அவள் படிவம் வருமுன்னே லோரியில் ஏற்றிவிட்டாள். அன்றைக்கே மேனேஜருக்கு எழுத்தில் தெரிவித்தாள், அதற்காக எச்சரிக்கைக் கடிதம் வாங்கினாள், படிவத்தை மறுவாரம் வாங்கிக் கோப்பில் சேர்த்தாள்.

"இந்தக் கத எனக்குப் பிடிச்சிருக்கு. நான் உங்கள நம்புறேன்," என்றாள் புஷ்பவள்ளி. பிறகு இரண்டாவது தாளின் மேல் விரலை வைத்தாள். "ஆனா ஃபைல் தலைமை ஆபீசுக்குப் போகணும். அவங்க உங்க மூஞ்சியப் பாக்க மாட்டாங்க, தாளத்தான் பாப்பாங்க. இந்த ஒரு வரியப் படிச்சா அடுத்த வரிக்குப் போக மாட்டாங்கமா."

அந்தத் தாளை எடுத்துவிட முடியாதா என்று வாசுகி கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது இன்னொரு விதியை நகர்த்தச் சொன்ன மாதிரி ஆகியிருக்கும். பதிவான காகிதம் பதிவானதுதான், அதுவும் 'முந்தைய கடிதத்துக்குப் பதிலாக' என்று அவளே தலையில் எழுதி வைத்த காகிதம். புஷ்பவள்ளி எழுந்து கதவுவரை வந்து வழியனுப்பினாள். நல்ல மனுஷி, பாவம், அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

காருக்குள் வந்து உட்கார்ந்து வாசுகி அழுதாள். தன் கையே தன் கண்ணைக் குத்தியதற்கு யாரைத் திட்டுவது? வேண்டாம் வேண்டாம் என்று லோஷினி சொன்னாள், கேட்டாளா? அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டபோது மணி பதினொன்றரை. நாளை மாலை ஐந்து மணிக்கு ஏஜெண்டுக்குப் பதில் சொல்ல வேண்டும். சனிக்கிழமை மலரைப் பாலோவில் விட வேண்டும்.

மிச்சம் இருப்பது ரூபேந்திரன் ஒருவன்தான். மூன்று நாளாகப் பதில் போடாமல் வைத்திருக்கிறாள். இனிமேல் அழகு பார்க்க நேரமும் இல்லை, மனசும் இல்லை. கைப்பேசியிலேயே தட்ட ஆரம்பித்தாள்.

'வணக்கம் ரூபேந்திரன். முதல் வாரம் என்ன செய்வீர்கள் என்று திங்கட்கிழமை கேட்டீர்கள். பதிலை இளமையாகக் காட்டப் பார்த்து மூன்று நாள் வீணாக்கினேன். எனக்கு முப்பத்தாறு வயசு.

'முதல் இரண்டு நாள் காலையில் உங்கள் லோரியில் ஏறி யோங் பெங், பாலோ பக்கம் போவேன். வெட்டிய குலை ஒரு நாளுக்கு மேல் யார் வீட்டு ஓரத்தில் கிடக்கிறது என்று எழுதி வைப்பேன். குலை காத்திருந்தால் தரம் இறங்கும், ஆலையில் விலை குறைப்பார்கள், தோட்டக்காரர் உங்களைத்தான் திட்டுவார். அடுத்த இரண்டு நாள் உங்கள் செயலியைக் கைப்பேசியில் ஏற்றி வைத்துக்கொண்டு பயன்படுத்தாத பத்துப் பேரைத் தமிழிலும் மலாயிலும் கூப்பிட்டு ஏன் என்று கேட்பேன். வெள்ளிக்கிழமை ஒரே பக்கத்தில் எழுதித் தருவேன்.

'கம்ப்யூட்டர் நிரல் எனக்குத் தெரியாது. சீனம் கொஞ்சம்தான் வரும். யோங் பெங்கில் இருந்தபடிதான் வேலை செய்ய முடியும், எனக்குச் சின்னப் பிள்ளை இருக்கிறது. எனக்கு இன்னொரு வேலை காத்திருக்கிறது, நாளை மாலை ஐந்து மணிக்குள் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன் உங்கள் முடிவு தெரிந்தால் உதவியாக இருக்கும்.'

திரும்பப் படிக்கவில்லை. படித்தால் திருத்தத் தோன்றும், திருத்தினால் இன்னொன்று அனுப்பத் தோன்றும். அனுப்பிவிட்டுக் காரை எடுத்தாள்.

வியாழன் முழுக்கப் பதில் இல்லை. வெள்ளி காலையும் இல்லை. பதறாத காரியம் சிதறாது என்பார்கள், சொல்கிறவர்களுக்கு என்ன, வாய் வலிக்கவா போகிறது?  நான்கு மணிக்கு ஏஜெண்டு கூப்பிட்டு, என்ன தங்கச்சி, படிவத்தை அனுப்பட்டுமா என்றார். ஐந்து மணிவரை பொறுங்கள் அண்ணே என்று கெஞ்சினாள். மலர் அறைக்குள் தன் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தது. அடுக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, அதுவாகவே எடுத்து வைத்துக்கொண்டிருந்தது.

நான்கு நாற்பதுக்குக் கைப்பேசி அடித்தது. லோரி சத்தத்துக்கு நடுவில் ஒரு வாலிபக் குரல் கத்தியது. ரூபேந்திரன்தான். லாபிஸ் பக்கம் லோரி சேற்றில் மாட்டி நேற்றிலிருந்து அங்கேயே கிடக்கிறானாம், இப்போதுதான் படித்தானாம். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தான். மூன்று மாசம் தகுதிகாண் காலம், திங்கட்கிழமை தொடங்க முடியுமா? முதல் நாள் லோரியில்தான், நீங்கள் எழுதினபடியே.

முடியும் என்று சொன்னாள். குரல் தன்னுடையதுதானா என்று சந்தேகமாக இருந்தது.

"இன்னொண்ணு அக்கா," என்றான். கொஞ்சம் கூச்சமாகத்தான் கேட்டான். "நாலு மாசமா கடன் கேட்டு ஒரு பேங்க்குக்கு எழுதிக்கிட்டு இருக்கோம், ஒருத்தரும் மதிக்கல லா. 'ஹாய் டீம்'னு எழுதி, சிரிக்கிற மூஞ்சி ரெண்டு போட்டோம். உங்க மொத லெட்டரப் பாத்து நாங்க சிரிச்சோம், உண்மைதான். ஆனா அது மாதிரி எழுத எங்க ஆறு பேர்ல யாருக்கும் தெரியாது. அதையும் நீங்கதான் பாக்கணும்."

வங்கியில் இரண்டு குரல் இருந்ததால் போன வேலை, இங்கே இரண்டு குரல் இருந்ததால் வந்தது. சிரிப்பதா அழுவதா என்று வாசுகிக்குத் தெரியவில்லை. ஐந்து மணிக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது ஏஜெண்டைக் கூப்பிட்டு, வேண்டாம் அண்ணே, மன்னிச்சிருங்க என்றாள். அவர் முணுமுணுத்தபடி வைத்தார். சிங்கப்பூர் சம்பளம் வராது, தகுதிகாண் காலம் முடிந்து இவர்கள் வெளியே அனுப்பினாலும் அனுப்பலாம். இருக்கட்டும். மூன்று மாசத்துக்குப் பிள்ளை வீட்டில் இருக்கும்.

அறைக்குள் போனாள். பையின் ஜிப்பை மூட முடியாமல் மலர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. பாலோ போக வேண்டாம், அம்மாவுக்கு இங்கேயே வேலை கிடைத்துவிட்டது என்று வாசுகி சொன்னாள். மலர் கையை எடுக்காமல் அப்படியே நின்றது. நிஜமாவா என்று கேட்டது. நிஜமாகத்தான் என்றதும், பையின் பக்கவாட்டு அறையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துக் கொடுத்தது.

"அத்தைக்குக் குடுக்கணும்னு எழுதுனேன். இப்ப வேணாம்ல?"

பள்ளிக்கூடத்து நோட்டுத் தாள். குண்டு குண்டு எழுத்து.

'அன்புள்ள செல்லம் அத்தைக்கு, வணக்கம். நான் கத்திரிக்காய் சாப்பிடுவேன். எனக்கு இருட்டு பயம் இல்லை. தரையில் படுத்துக்கொள்வேன். தம்பிகளோடு சண்டை போட மாட்டேன். அம்மாவை நினைத்து அழ மாட்டேன். தயவுசெய்து என்னை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். இப்படிக்கு, மலர்.'

எத்தனை விண்ணப்பம், எத்தனை கடிதம் பார்த்தவள் வாசுகி. கத்திரிக்காயைத் தட்டு ஓரத்தில் ஒதுக்குகிற பிள்ளை, விளக்கை அணைத்தால் வீறிட்டு அழுகிற பிள்ளை, ஒரு வாரமாகச் சரிம்மா சரிம்மா என்று சொல்லிக்கொண்டே, இந்த வீட்டில் இன்னொரு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. பயத்தில் எழுதின கடிதம் எப்படி இருக்கும் என்று வாசுகிக்கு இந்த வாரம் நன்றாகவே தெரியும்.

பிள்ளையைக் கட்டிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தாள். வேணாம்டி, இதை யாருக்கும் குடுக்க வேணாம் என்றாள்.